கூச்சப்படும் விருந்தாளியும் ஒரு தட்டு வேகவைத்த கடலையும்

வீட்டுக்கு ஆறேழு பேரைச் சாப்பிடக் கூப்பிட ஆரம்பித்த புதிதில் நான் செய்த தப்பு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்புக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பெண்ணையும் அன்று கூப்பிட்டிருந்தேன். வந்தாள், சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள், எல்லோரும் சிரித்தபோது தானும் சிரித்தாள். முக்கால் மணி நேரம் போயிருக்கும். அவளையும் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற அக்கறையில், "என்னம்மா, வந்ததிலிருந்து வாயே திறக்க மாட்டேங்கறியே" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்லைக்கா" என்றாள். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. பாதிச் சாப்பாட்டில், குழந்தைக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று கிளம்பினாள். அடுத்த முறை கூப்பிட்டபோது வேலை இருக்கிறது என்றாள். அதற்கடுத்த முறையும் அதேதான்.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டதை, முதல்முறை வீட்டில் நாலு பேரைக் கூப்பிடப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பெரிய விசேஷங்களுக்கு இது பொருந்தாது. ஒரு சனிக்கிழமை மாலை, ஒரே கூடம், ஏழெட்டுப் பேர், அதில் ஒருவர் கூச்ச சுபாவம் உள்ளவர். அவ்வளவுதான் நம் கணக்கு.

அவருக்கு எங்கே அடைக்கிறது?

கூச்சப்படுகிறவருக்குப் பேச விஷயம் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஓரமாக நின்று கவனித்துப் பாருங்கள். அவர் லேசாக முன்னால் சாய்வார், மூச்சை உள்ளே இழுப்பார், உதடு பிரியும். அதற்குள் வேறொருவர் ஆரம்பித்துவிடுவார். இவர் மறுபடி பின்னால் சாய்ந்துவிடுவார். ஒரு மாலையில் இது பத்துத் தடவை நடக்கும். பத்தாவது தடவைக்குப் பிறகு சாய்வதையும் நிறுத்திவிடுவார். கையில் இருக்கும் டம்ளரைச் சுற்றிக்கொண்டு இருப்பார், அல்லது போனை எடுப்பார்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு நடுவில் உள்ள இடைவெளி சராசரியாக 0.2 நொடி என்று, உலகின் பல மூலைகளில் பேசப்படும் பத்து மொழிகளை அளந்து 2009-ல் மொழியியலாளர்கள் எழுதினார்கள். கண் சிமிட்டுகிற நேரம்தான். 'இதைச் சொல்லலாமா, தப்பாக எடுத்துக்கொள்வார்களோ' என்று மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிற ஆளுக்கு அந்த நேரம் எப்படிப் போதும்? அவர் மனதுக்குள் சொல்லிப் பார்த்து முடிக்கும்போது பேச்சு அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

ஆகவே வீட்டுக்காரரின் வேலை அவரைப் பேசவைப்பது அல்ல. அந்த 0.2 நொடியை அவருக்காக மூன்று நான்கு நொடியாக நீட்டித் தருவது. இனிமேல் நான் சொல்லப்போவதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

போன வருடம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு மாலையை வைத்தே சொல்கிறேன். நாங்கள் கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். என் கணவரின் அலுவலகத்தில் ஒரு தம்பி புதிதாகச் சேர்ந்திருந்தார். வேதாரண்யம் பக்கத்துக்காரர். ஊரை விட்டு வெளியே வந்து தங்குவது அதுதான் முதல் தடவை. மதியச் சாப்பாட்டைக்கூடத் தன் மேசையிலேயே தனியாகச் சாப்பிடுகிறார் என்று என் கணவர் சொன்னார். சரி, கூப்பிடலாம் என்று முடிவு செய்தோம்.

யாரை, எத்தனை பேரை, என்ன சொல்லி

ஒரே பேச்சுக்குள் வசதியாக இருக்கக்கூடியவர்கள் நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் வந்ததும் பேச்சு இரண்டாகப் பிரிய ஆரம்பிக்கும், அல்லது இரண்டு பேர் பேச மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் மக்கள் இயல்பாகக் கூடிப் பேசும் இடங்களில் எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. நம் வீட்டுக் கல்யாணங்களில் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து பேசும் கும்பல்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று, நாலு.

அதனால் கூச்சப்படும் ஒருவரைக் கூப்பிடும் மாலைக்கு, வீட்டாரையும் சேர்த்து ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். பேச்சு இரண்டாகப் பிரிந்தாலும் ஒவ்வொன்றிலும் மூன்று நாலு பேர் இருப்பார்கள். அன்று நாங்கள் ஏழு பேர். நான், என் கணவர், ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா, பெரியம்மா, மேல்மாடியில் இருக்கும் டீச்சர், அவருடைய வீட்டுக்காரர், அப்புறம் அந்தத் தம்பி.

இந்தப் பட்டியலில் நான் யோசித்துச் சேர்த்தது டீச்சரைத்தான். கூட்டத்தில் ஒருவராவது நிதானமாகக் கேள்வி கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். எல்லா நட்பு வட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் முன்கூட்டியே, "அந்தப் பையன் புதுசு, கொஞ்சம் பக்கத்துல உக்காந்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவைத்தால் போதும். 'கூச்ச சுபாவம், பார்த்துக்கோங்க' என்று விளக்கிச் சொன்னால், நோயாளியைப் பார்ப்பது மாதிரி பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கூப்பிடும்போது நாம் பொதுவாக "சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுப் பக்கம் வாங்க" என்று விட்டுவிடுவோம். நன்றாகப் பேசுகிறவருக்கு அது போதும். கூச்சப்படுகிறவருக்கு அதிலிருந்து இருபது கேள்விகள் கிளம்பும். எத்தனை மணிக்கு? யார் யார் வருகிறார்கள்? சாப்பாடா, டிபனா? ஏதாவது வாங்கிப் போக வேண்டுமா? எப்போது கிளம்பினால் மரியாதையாக இருக்கும்? இந்தக் கடைசிக் கேள்விதான் அவரை அதிகம் அரிக்கும். என் கணவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது:

"தம்பி, சனிக்கிழமை ஆறரை மணிக்கு நம்ம வீட்டுக்கு வந்துருங்க. எங்களையும் சேர்த்து ஏழு பேர்தான். என் மாமனார் வழிப் பெரியவங்க ரெண்டு பேரு, மேல் வீட்டு டீச்சர், அவங்க வீட்டுக்காரர். அடையும் அவியலும். ஒன்பது மணிக்கெல்லாம் முடிஞ்சிரும், பெரியப்பா சீக்கிரம் படுத்துருவார். ஒண்ணும் வாங்கிட்டு வர வேண்டாம். அக்காவுக்குக் கொஞ்சம் கூடமாட உதவி வேணுமாம், அதான் உங்களை மட்டும் முன்னாடியே வரச் சொல்றேன்."

மற்றவர்களுக்கு ஏழு மணி என்று சொல்லியிருந்தோம். நிறைந்த கூடத்துக்குள் தனியாக நுழைவது கூச்சப்படுகிறவருக்கு மிகவும் கஷ்டமான காரியம். கதவு திறக்கிறது, ஆறு முகம் திரும்புகிறது, எங்கே உட்காருவது என்று தெரியாது. அரை மணி முன்னால் வந்துவிட்டால் அவர் ஏற்கெனவே அந்தக் கூடத்தில் இருக்கிறார். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக அவரிடம் வருகிறார்கள். ஆனால் முன்னால் வரச் சொல்லிவிட்டுச் சும்மா உட்காரவைத்தால் இன்னும் மோசம். தெரியாத வீட்டில், டிவியைப் பார்த்துக்கொண்டு, உள்ளே குக்கர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பது சித்திரவதை. வேலை கொடுப்பதாக இருந்தால் மட்டும் முன்னால் கூப்பிடுங்கள்.

கூடத்தை மாற்றிப் போடுங்கள்

நம் வீடுகளில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று, ஒற்றைச் சோபா இரண்டு, போதாததற்குப் பால்கனியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி. கூச்சப்படுகிறவர் எப்போதும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத்தான் எடுத்துக்கொள்வார். அதுவும் வட்டத்துக்கு வெளியே, பால்கனிக் கதவை ஒட்டி. அங்கிருந்து பேச வேண்டுமானால் குரலை உயர்த்த வேண்டும், அது அவரால் முடியாது. ஆகவே ஆட்கள் வருவதற்கு முன்பே அந்த நாற்காலிகளை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டுவிடுங்கள். இன்னொருவர் வந்தால் வீட்டுக்காரராகிய நீங்கள் வெளி நாற்காலிக்குப் போங்கள்.

எங்கே உட்காரவைப்பது? 1950-களில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்து மனநல மருத்துவமனை ஒன்றில் ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர், சாப்பாட்டு மேசைகளில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று குறித்துவைத்தார். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எதிரெதிரே உட்கார்ந்தவர்களையும், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களையும்விட, மேசையின் மூலையை நடுவில் வைத்து உட்கார்ந்தவர்கள்தான் அதிகம் பேசினார்கள். வீட்டில் செய்து பார்த்தால் காரணம் தெரியும். நேர் எதிரே இருந்தால் முகத்தையே பார்த்தாக வேண்டும். பக்கத்தில் இருந்தால் கழுத்தைத் திருப்ப வேண்டும். மூலையில் இருந்தால் பார்க்க வேண்டும் என்றால் பார்க்கலாம், இல்லாவிட்டால் பார்வையை விலக்கிக்கொள்ளலாம். கூச்சப்படுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் பெரிய விஷயம்.

அன்று பெரிய சோபாவின் வலது ஓரமும் ஒற்றைச் சோபாவும் சேரும் மூலையில், ஒற்றைச் சோபாவில் டீச்சர், பெரிய சோபாவின் ஓரத்தில் தம்பி என்று அமைத்தேன். பெரியப்பா நன்றாகப் பேசுவார், குரலும் பெரியது. அவரைத் தம்பிக்கு நேர் எதிரே போடாமல் அதே பெரிய சோபாவின் இன்னொரு ஓரத்தில் உட்காரவைத்தேன். டிவியை அணைத்துவிட்டேன். கிரிக்கெட் இருந்தாலும் அணைத்துவிடுங்கள், மெல்லிய குரல் உள்ளவர்கள் டிவியோடு போட்டிபோட மாட்டார்கள்.

கைக்கு ஒரு வேலை

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது இதுதான். ஆறரைக்குத் தம்பி வந்ததும், நேராகச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிப்போய், வேகவைத்த நிலக்கடலையை வடிதட்டிலிருந்து பெரிய தாம்பாளத்துக்கு மாற்றச் சொன்னேன். ஒரு கிலோ பச்சைக் கடலை, தோலோடு, கல்லுப்புப் போட்டுக் குக்கரில் நாலைந்து விசில் விட்டது. ஆவி பறந்துகொண்டிருந்தது. தாம்பாளத்தை டீப்பாயின் நடுவில் வைத்து, தோல் போட இரண்டு கிண்ணங்களை அவரே வைத்தார். மற்றவர்கள் ஏழு மணிக்கு வந்தபோது அவர் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்குத் தாம்பாளத்தைத் தள்ளிக் கொடுத்ததும் அவர்தான். கொஞ்ச நேரத்துக்கு அந்த வீட்டில் அவரும் பாதி வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

உரிக்கிற கடலையில் என்ன விசேஷம் என்றால், எல்லோருடைய கையும் கண்ணும் அதில் இருக்கும். யாரும் யாரையும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். நாலைந்து நொடி யாரும் பேசாமல் இருந்தாலும் அந்த மௌனம் உறுத்தாது, தோல் உடைகிற சத்தம் நிரப்பிவிடும். அந்த நாலைந்து நொடிதான் நமக்கு வேண்டியது. மிக்சரும் பிஸ்கட்டும் இதைச் செய்யாது. அள்ளி வாயில் போட்டால் முடிந்தது. அவரைக்காய் நார் எடுப்பது, பச்சைப் பட்டாணி உரிப்பது, பூ கட்டுவது, எதுவும் நடக்கும், காலம் பார்த்து எது கிடைக்கிறதோ அது.

ஒரே ஓர் எச்சரிக்கை. வேலை கூட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். "சமையலறையில அப்பளம் பொரிச்சுத் தர்றீங்களா" என்று அனுப்பிவிட்டால், கூச்சப்படுகிறவர் சந்தோஷமாகப் போய்விடுவார். கடைசிவரை அங்கேயே பாத்திரம் தேய்த்துக்கொண்டு நிற்பார். நமக்கு உதவியாக இருந்ததாக நினைப்போம். அவரோ வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

அறிமுகம்

"இவர் எங்க ஆபீஸ், ரொம்ப அமைதி" என்று சொல்லி அறிமுகம் செய்யாதீர்கள். அந்த ஒரு வார்த்தை அன்று மாலை முழுவதும் அவர் மேல் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு அவர் பேசினால் "அடடே, பேசறாரே" என்று யாராவது சொல்வார்கள். அதோடு வாயை மூடிக்கொள்வார். "தங்கமான பையன், கெட்டிக்காரன்" என்று தூக்கிவைப்பதும் வேண்டாம், அதற்கு ஏற்ற மாதிரி நடந்துகொள்ள வேண்டுமே என்ற பயம் வந்துவிடும்.

பெயர், அடுத்தவர் பிடித்துக்கொள்ள ஒரு நூல், அவ்வளவு போதும். அந்த நூலை அவரிடமே முன்னால் கேட்டுக்கொள்வது நல்லது. கடலையைக் கொட்டும்போது தம்பி ஒன்று உரித்து வாயில் போட்டுவிட்டு, "உப்பு சரியா இருக்குக்கா" என்றார். ஊரில் உப்பளம் பக்கத்திலா வீடு என்று கேட்டேன். தாத்தா காலத்திலிருந்து உப்பளத்து வேலைதான் என்றார். "டீச்சர் இதெல்லாம் ஆர்வமா கேப்பாங்க, சொல்லட்டுமா?" என்றேன். தலையாட்டினார். டீச்சர் வந்ததும் நான் சொன்னது இவ்வளவுதான்: "இவர் வேதாரண்யத்துத் தம்பி. உப்பளத்துக்குப் பக்கத்துலயே வளர்ந்தவர்."

பந்தைப் போட்டுக் காத்திருப்பது

இனி பேச்சு. எல்லோர் காதிலும் விழும்படி "நீங்க சொல்லுங்க தம்பி, உங்களைப் பத்தி" என்பது மேடையேற்றுவது. ஆமாம், இல்லை என்று முடிந்துபோகும் கேள்விகளும் உதவாது. அவர் கைக்குப் பழகிய ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று கேட்க வேண்டும். அதில் சரி, தப்பு என்று யாரும் அவரை எடைபோட முடியாது, அந்தக் கூடத்தில் அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கேள்விக்கு முன்னால் நம்மைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுக் கேட்டால் விசாரணை மாதிரி இருக்காது. டீச்சர் கேட்டதைக் கவனித்தேன். "எனக்குக் கடல் தண்ணியைக் காய வெச்சா உப்புன்னு புத்தகத்துல இருக்கறது மட்டும்தான் தெரியும். பாத்தியில எத்தனை நாள்ல உப்பாகும்?" கேட்டுவிட்டு ஒரு கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். அவர் முகத்தையே பார்க்கவில்லை.

தம்பி மெல்ல ஆரம்பித்தார். வெயிலைப் பொறுத்தது, முதலில் பெரிய பாத்தியில் தண்ணீரைத் தேக்கி, கனம் ஏறியதும் சின்னப் பாத்திக்குத் திருப்புவார்கள் என்றார். இரண்டு வாக்கியம் ஆகியிருக்கும். 'வேதாரண்யம்' என்ற சொல் பெரியப்பா காதில் விழுந்தது. "ஆகா, 1930! ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு எடுத்த ஊரல்லவா!" என்று ஆரம்பித்தார். சர்தார் வேதரத்தினம் பிள்ளை, போலீஸ், தடியடி என்று ஐந்து நிமிடம் அழகாகவே பேசினார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். தம்பி புன்னகையோடு பின்னால் சாய்ந்துவிட்டார்.

புதிதாக விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான். பேச்சு அவருடைய ஊரைப் பற்றித்தானே போகிறது, நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் கதவு சாத்தப்பட்டுவிட்டது. பெரியப்பாவை நிறுத்தக் கூடாது, அது அவருக்கு அவமரியாதை, தம்பிக்கும் தன்னால்தான் இப்படி ஆயிற்று என்ற சங்கடம். அவர் மூச்சு வாங்கும் இடத்துக்காகக் காத்திருந்து, அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். "அந்த ஊர்வலம் வந்தது சித்திரை வெயில்ல, இல்லீங்களா பெரியப்பா? அதான் உப்பு கிடைச்சிருக்கு. தம்பி, ஐப்பசி மழை வந்துட்டா பாத்தியில இருக்கற உப்பு என்ன ஆகும்?"

கேட்டுவிட்டு நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். கடலைத் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினேன். நாலாவதில் தம்பி சொன்னார்: "கரைஞ்சுரும்க்கா. அதான் மழைக்கு முன்னாடியே வாரி, அம்பாரமா குவிச்சு, மேல கீத்து போட்டு மூடிருவோம். சின்ன வயசுல அந்தக் கீத்து எடுத்துக் குடுக்கறது என் வேலை." பெரியப்பா முன்னால் குனிந்து, "அப்படியும் நனையாதா?" என்று கேட்டார். அதன் பிறகு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பத்து நிமிடம் அவர்கள் இருவரும் பேசினார்கள்.

அந்த மூன்று நாலு நொடியைத் தாங்குவது நமக்குத்தான் கஷ்டம். யாரும் பேசவில்லையே என்று பதறி, கேள்விக்கு நாமே பதிலும் சொல்லிவிடுகிறோம், அல்லது வேறு கேள்விக்குத் தாவுகிறோம். கையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கள், எண்ணுங்கள். ஐந்து எண்ணியும் பதில் வரவில்லை என்றால் நீங்களே பேச்சை எடுத்துக்கொண்டு, அவரை விட்டுவிடுங்கள். கால் மணி கழித்து வேறு நூலைப் போடலாம். ஒரு மாலைக்கு அப்படி இரண்டு மூன்று தடவை போதும், அதற்கு மேல் போனால் நாம் குறிவைத்துக் கேட்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. நம் கூட்டங்களில் "எப்போ கல்யாணம்?", "சம்பளம் எவ்வளவு?", "ஊருல நீங்க எந்தத் தெரு?" என்ற கேள்விகள் வந்தே தீரும். தெரு கேட்பது எதற்காக என்று எல்லோருக்கும் தெரியும். நன்றாகப் பேசுகிறவர் சிரித்து மழுப்பிவிடுவார், கூச்சப்படுகிறவருக்கு மழுப்பத் தெரியாது. பெரியவர்களிடம் முன்பே சொல்லிவைக்க முடியுமானால் சொல்லிவைப்பது நல்லது. மீறி வந்துவிட்டால் நீங்கள் உடனே உள்ளே நுழையுங்கள், இந்த இடத்தில் 0.2 நொடிகூடக் காத்திருக்க வேண்டாம். "பெரியப்பா, அடை சூடா இருக்கு, வாங்க" என்பது எங்கள் வீட்டில் எப்போதும் வேலை செய்கிறது.

பந்தி

எல்லாவற்றையும் மேசையில் வைத்து "வேணுங்கறதை எடுத்துக்கோங்க" என்று விட்டால் கூச்சப்படுகிறவர் ஓர் அடையோடு எழுந்துவிடுவார். முதல் சுற்றை எல்லோர் தட்டிலும் நாமே வைத்துவிட வேண்டும். அதற்காக, "தம்பி, இன்னொண்ணு, வெக்கப்படாம சாப்பிடுங்க" என்று கூடமே கேட்க உபசரிக்கவும் கூடாது. வெட்கம் என்ற சொல்லைச் சாப்பாட்டு மேசையில் உச்சரிக்கவே வேண்டாம். நான் செய்வது, கல்லிலிருந்து எடுத்த அடையை இரண்டாகப் பிட்டு, "பாதி உங்களுக்கு, பாதி டீச்சருக்கு" என்று வைப்பது. பாதி என்றால் யாரும் மறுப்பதில்லை.

எப்படித் தெரிந்துகொள்வது?

அவர் பேசிய வார்த்தைகளை எண்ணாதீர்கள். அவர் தானாக ஒரு கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். தம்பி சாப்பிடும்போது டீச்சரிடம், அவியலில் புளிப்புக்கு மாங்காயா தயிரா என்று கேட்டார். அது போதும் எனக்கு. சோபாவில் முதுகு நன்றாகச் சாய்ந்திருப்பது, போன் பையிலேயே இருப்பது, அடுத்தவர் சொல்லும் கதைக்குச் சிரிப்பு முந்திக்கொண்டு வருவது, இவையும் நல்ல அறிகுறிகள். சிலர் அதிகம் பேசாமலேயே நிம்மதியாக இருப்பார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட வேண்டும்.

கை நடுக்கம், வாசலையே பார்ப்பது, குளியலறைக்குப் போய் நெடுநேரம் வராமல் இருப்பது என்றால், அந்த மாலை அவருக்குக் கனத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது எந்த உத்தியும் வேண்டாம். "பால்கனியில துளசிக்குத் தண்ணி ஊத்தணும், வர்றீங்களா" என்று ஐந்து நிமிடம் தனியே கூட்டிப் போங்கள், அங்கே பேசாமலும் நிற்கலாம். கிளம்ப வேண்டும் என்றால் காரணம் கேட்காமல், கூடத்தில் அறிவிக்காமல், வாசல்வரை வந்து அனுப்பிவையுங்கள். யாரைப் பார்த்தாலும் இப்படி ஆகிறது, அதனால் வேலைக்குப் போவதே சிரமமாக இருக்கிறது என்று ஒருவர் நம்பிச் சொன்னால், அது விருந்தால் தீர்கிற விஷயம் இல்லை. மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ போகச் சொல்வதுதான் சரி.

மறுநாள்

முதல்முறை பேசிப் பழகும் இருவரில், தன்னை மற்றவருக்கு எவ்வளவு பிடித்தது என்பதை ஒவ்வொருவரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018-ல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு காட்டியது. கூச்சம் அதிகம் உள்ளவர்களிடம் இந்தக் குறைமதிப்பீடும் அதிகம். அதாவது, விருந்து நன்றாகப் போயிருந்தாலும், அவர் பேருந்தில் போகும்போது 'ஏன் அதைச் சொன்னோம்' என்று உழன்றுகொண்டு இருக்கலாம். மறுநாள் காலை ஒரு செய்தி அனுப்புங்கள். "வந்ததுக்கு நன்றி" என்பது எல்லோருக்கும் அனுப்புவது, அது போதாது. அவர் சொன்ன ஒன்று இன்னொருவர் மனதில் தங்கியதைச் சொல்லுங்கள். "பெரியப்பா இன்னைக்குக் காலையில காபி குடிக்கறப்போ அந்தக் கீத்து மூடற கதையைப் பெரியம்மாகிட்ட மறுபடியும் சொல்லிட்டு இருந்தார்" என்று அனுப்பினேன். நடந்ததைத்தான் எழுதினேன், இட்டுக்கட்டிச் சொன்னால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்த அழைப்பை ஒரு மாதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாலை வந்தவர்களில் ஒருவராவது அதில் இருக்கட்டும். ஆறு மாதம் விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். நாங்கள் மூன்றாவது வாரமே டீச்சரையும் தம்பியையும் கூப்பிட்டோம். இந்த முறை முன்னால் வரச் சொல்லவில்லை. ஏழு மணிக்கு மற்றவர்களோடு வந்தார். இடையில் ஊருக்குப் போயிருந்தாராம். துணிப்பையில் இரண்டு கிலோ கல்லுப்பு கொண்டுவந்திருந்தார். நேராக உள்ளே வந்து, கடலை இன்னும் வேகவில்லை என்று தெரிந்ததும் குக்கரைத் திறந்து பார்த்தார். "அக்கா, இது கடை உப்பு மாதிரி இல்ல, கரிப்பு ஜாஸ்தி. அரைக் கைப்பிடி போடுங்க, போதும்" என்றார்.